வராத அலை சொன்ன சேதி

ரஷ்யாவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது கோலா தீபகற்பம். 1970-இல் சோவியத் ஆய்வாளர்கள் அங்கே ஒரு துளை போட ஆரம்பித்தார்கள். எண்ணெய்க்காக அல்ல, பூமிக்குள் எவ்வளவு ஆழம் போக முடிகிறது என்று பார்ப்பதற்காக. 1989-இல் அந்தத் துளை 12,262 மீட்டரை எட்டியது. அதற்குக் கீழே போக முடியவில்லை. அடியில் வெப்பம் 180 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் பாறை இளகி, தோண்டத் தோண்டத் துளை மூடிக்கொண்டது.

பூமியின் மையம் 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஏறத்தாழ இருபது வருட உழைப்பில் கடந்தது அதில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பள்ளிப் பாடநூல் மையம் வரை அடுக்கடுக்காகப் படம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தடிமன் எழுதி வைத்திருக்கிறது. யாரும் போகாத இடத்தின் அளவு எங்கிருந்து வந்தது?

முதலில், அந்த அடுக்குகள் எவை?

மேலே மெல்லிய மேலோடு. கண்டங்களுக்கு அடியில் அது சராசரியாக 35 கி.மீ., கடலுக்கு அடியில் ஏழு கி.மீ. அளவுதான். அதற்குக் கீழே 2,890 கி.மீ. ஆழம் வரை கவசம். அதன் பிறகு கருவம்: வெளிக் கருவம் திரவம், அதற்குள்ளே 1,220 கி.மீ. ஆரமுள்ள உள் கருவம் திடம்.

பாடநூல் படங்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கவசத்தை ஆரஞ்சு நிறத்தில் கொதிக்கும் குழம்பு போலத் தீட்டிவிடுகிறார்கள். எரிமலைக் குழம்பு அங்கிருந்துதான் பொங்கி வருகிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். கவசம் திடமான பாறை. லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்று மெல்ல நகர்கிறது. ஆனால் சுத்தியலால் தட்டினால் கல்லுக்குரிய ஓசைதான் வரும். சில இடங்களில் அதன் மேல்பகுதி கொஞ்சம் உருகுகிறது, எரிமலைக்கு அதுவே போதும். கவசம் திடம் என்பதை நிலநடுக்கத்தின் இரண்டு வகை அலைகள் சொல்லிவிடுகின்றன.

அது என்ன இரண்டு வகை?

பாறை உடைந்து நழுவும்போது எல்லாத் திசையிலும் அதிர்வு பரவுகிறது. அதில் இரண்டு வகை பூமியின் உள்ளே பயணம் செய்கின்றன. முதலில் வந்து சேர்வது பி அலை, அடுத்து வருவது எஸ் அலை. மூன்றாவதாகத் தரையை ஒட்டி ஓடும் மேற்பரப்பு அலைகளும் உண்டு. தூரத்து ஊர்களில் அதிக ஆட்டம் தருபவை அவை. உள்ளே என்ன இருக்கிறது என்ற நம் கேள்விக்கு முதல் இரண்டும்தான் முக்கியம்.

ரேஷன் கடை வரிசையில் பின்னால் நிற்பவர் முன்னால் இருப்பவரைத் தள்ளுகிறார். அந்தத் தள்ளல் ஆள் மாற்றி ஆள் வரிசையின் முனை வரை போகும். அது பி அலை: போகும் திசையிலேயே அழுத்தி விரித்துச் செல்லும். இப்போது வரிசையில் எல்லோரும் கை கோத்து நிற்கிறார்கள், பின்னால் இருப்பவர் பக்கவாட்டில் இழுக்கிறார். அந்த இழுப்பும் முனை வரை போகும். அது எஸ் அலை. கையை விட்டுவிட்டால்? தள்ளல் அப்போதும் போகும்; பக்கவாட்டு இழுப்பு போகாது. திரவத்தில் துகள்கள் கை விட்டு நிற்கின்றன. அதனால் பி அலை திடம், திரவம் இரண்டிலும் செல்லும். எஸ் அலை திடத்தில் மட்டும் செல்லும். கவசத்தின் மேலிருந்து அடி வரை எஸ் அலை தாராளமாகப் போய்வருகிறது. அப்படியானால் கவசம் திடம்தான்.

அலை எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பி முந்தும், எஸ் பிந்தும். தூரம் கூடக் கூட இரண்டுக்கும் இடையே உள்ள நேரமும் கூடும்.

2004 டிசம்பர் 26 காலை, இந்திய நேரப்படி 6 மணி 29 நிமிடத்துக்கு ஒரு சில நொடிகள் இருக்கும்போது சுமத்ராவின் மேற்குக் கரையோரம் பாறை உடையத் தொடங்கியது. அங்கிருந்து சென்னை சுமார் 2,000 கி.மீ. பி அலை நொடிக்குச் சராசரியாக எட்டு கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய நான்கு நிமிடத்தில் சென்னைக்கு அடியில் வந்துவிட்டது. எஸ் அலை அதற்கு மூன்று நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகப் பிந்தி வந்தது. கடல் வந்தது 9 மணி அளவில். பாறை வழியே வந்த சேதிக்கும் தண்ணீர் வழியே வந்த சாவுக்கும் நடுவே இரண்டரை மணி நேரம் இருந்தது. அதைப் பயன்படுத்தும் ஏற்பாடுதான் அன்று இந்தியப் பெருங்கடலில் இல்லை.

பி-க்கும் எஸ்-க்கும் இடையே இத்தனை நிமிடம் என்றால் இத்தனை கிலோமீட்டர் என்று அட்டவணை இருக்கிறது. ஒரு நிலையத்தின் பதிவு தூரத்தை மட்டும் சொல்லும், திசையைச் சொல்லாது. மூன்று நிலையங்களிலிருந்து மூன்று வட்டம் வரைந்தால் அவை வெட்டும் இடத்தில் நடுக்கத்தின் மையம் இருக்கும்.

இந்த அட்டவணையை முதலில் போட்டது யார்?

1889 ஏப்ரல் 17 அன்று ஜெர்மனியின் போட்ஸ்டாமில் எர்ன்ஸ்ட் ஃபோன் ரெபோய்ர்-பாஷ்விட்ஸ் என்பவரின் நுண்ணிய ஊசல் காரணமில்லாமல் ஆடியது. பிற்பாடு செய்தி படித்தபோது அதே நாளில் டோக்கியோவில் நிலம் அதிர்ந்தது தெரிந்தது. நிலநடுக்கத்தை உலகின் மறுபக்கத்திலிருந்தும் கேட்கலாம் என்பது அப்படித்தான் புரிந்தது.

அடுத்த பெரிய படி நம் நாட்டில் விழுந்தது. 1897 ஜூன் 12 மாலை அசாமையும் ஷில்லாங்கையும் உலுக்கிய நிலநடுக்கத்தை ஆராயும் வேலை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்தாமுக்கு வந்தது. தரையில் கிடந்த கற்கள் அந்தரத்தில் தூக்கி எறியப்பட்டிருந்ததைக்கூட விடாமல் குறித்துக்கொண்ட மனிதர் அவர். ஐரோப்பியக் கருவிகளில் பதிவான அதே நடுக்கத்தின் கோடுகளைச் சேகரித்துப் பார்த்ததில், அதிர்வு மூன்று தனித்தனிக் கூட்டமாக வந்து சேர்வதைக் கண்டார். பி, எஸ், மேற்பரப்பு அலை என்ற பிரிவினை 1900-இல் அவர் எழுதிய கட்டுரையில் தெளிவாகிறது. ஆறு வருடம் கழித்து, வெகு தூர நிலையங்களுக்கு அலை கணக்கைவிடத் தாமதமாக வருவதைக் காட்டி, பூமியின் நடுவே வேகத்தைக் குறைக்கும் வேறொரு பொருள் இருக்கிறது என்றார். அதன் ஆரம் பூமியின் ஆரத்தில் பத்தில் நான்கு பங்கு என்பது அவர் மதிப்பீடு. உண்மையில் பாதிக்கும் கொஞ்சம் அதிகம். ஆனால் கருவம் என்ற ஒன்று இருப்பதை அலைகளை வைத்து முதலில் காட்டியவர் அவரே.

மேலோடு எங்கே முடிகிறது என்று தெரிந்தது எப்படி?

1909 அக்டோபர் 8 அன்று குரோஷியாவின் ஜாக்ரெப் நகருக்கு அருகே ஒரு நடுக்கம். அந்த ஊர் வானிலை ஆய்வாளர் ஆன்ட்ரியா மொகோரோவிச்சிச் சுற்றுப்பட்ட நிலையங்களின் பதிவுகளைப் பார்த்தபோது ஒரு பி அலைக்குப் பதில் இரண்டு இருந்தன. ஒன்று மேலோட்டுக்குள்ளேயே நேராக வந்தது. மற்றது கீழே இறங்கி, வேகமான பாறை ஒன்றின் ஓரமாக ஓடி, மறுபடி மேலே ஏறியது. சுற்றுவழிதான்; ஆனாலும் தூரம் ஒரு கட்டத்தைத் தாண்டினால் அதுவே முந்திவிடுகிறது. அந்த வேகமான பாறை கவசம். இந்த எல்லையை இன்றும் சுருக்கமாக ‘மோஹோ’ என்கிறார்கள்.

அலை நேர்க்கோட்டில் போகாதா?

போகாது. ஆழம் கூடக் கூடப் பாறை அழுத்தத்தில் இறுகி, அலையின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. வேகம் கூடும் ஊடகத்தில் சாய்வாக இறங்கும் அலை வளைந்து வளைந்து மேலே திரும்பிவிடும். அதனால் ஒவ்வொரு பாதையும் ஒரு பெரிய வில். கிட்டத்து நிலையத்துக்கு வரும் வில் மேலாக இருக்கும். தூரத்து நிலையத்துக்கு வரும் வில் ஆழமாக இறங்கும்.

பெரிய தூரங்களை இந்தத் துறையில் கோணத்தில் சொல்வார்கள். பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே எத்தனை டிகிரி என்பதுதான் கணக்கு. ஒரு டிகிரி ஏறத்தாழ 111 கி.மீ. நேர் எதிர்ப்புறம் என்றால் 180 டிகிரி. நடுக்கம் நடந்த இடத்திலிருந்து 104 டிகிரி வரை பி, எஸ் இரண்டும் ஒழுங்காக வருகின்றன. அங்கே வில்லின் அடிப்பகுதி கருவத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்கப்பால் நேரடி எஸ் அலை எந்த நிலையத்திலும் இல்லை. பி அலையும் மறைந்து, சுமார் 140 டிகிரியில்தான் மீண்டும் பலமாக எழுகிறது. நடுவில் இருப்பது நிழல் வட்டாரம்.

பி ஏன் மறைந்து மறுபடி வருகிறது? கவசத்தின் அடியில் அது நொடிக்கு 13.7 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, கருவத்துக்குள் நுழைந்ததும் 8 கி.மீ. அளவுக்கு விழுந்துவிடுகிறது. வேகம் விழும்போது அலை உள்நோக்கி மடங்கும். அதனால் கருவத்தை உரசாமல் தப்பிய அலை ஓரிடத்தில் வெளிவருகிறது. உள்ளே நுழைந்துவிட்ட அலையோ வெகு தூரம் தள்ளி வெளிவருகிறது. இடைப்பட்ட ஊர்களுக்கு யாரும் இல்லை. நிழலின் அகலத்தை அளந்தால் கருவத்தின் ஆழம் கிடைத்துவிடும். பெனோ குட்டன்பெர்க் 1914 வாக்கில் இப்படிக் கணக்கிட்டு 2,900 கி.மீ. என்றார். இன்றைய மதிப்பு அதிலிருந்து பத்துக் கிலோமீட்டர்தான் தள்ளியிருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய ஊசல் கருவிகளை வைத்து!

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சென்னை சுமார் 125 டிகிரி. அங்கே பெரிய நடுக்கம் நிகழ்ந்தால் சென்னை அதன் நிழலுக்குள் இருக்கும். நேரடி பி, எஸ் இரண்டும் இங்கே வராது. கருவி சும்மா இருக்கும் என்றும் அர்த்தமில்லை: தரையின் அடியில் மோதித் தெறித்து இரண்டு வில்லாக வரும் அலைகளும் மேற்பரப்பு அலைகளும் வந்துகொண்டிருக்கும். அவற்றிலிருந்து பிரித்து, ‘இது நேரடி அலை அல்ல’ என்று அடையாளம் காண்பதில்தான் இந்தத் தொழிலின் பாதி சிரமம்.

எஸ் வரவில்லை என்றாலே வெளிக் கருவம் திரவம் என்று முடிவுகட்டிவிடலாமா?

கூடாது. வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம்: வழியில் வலு குறைந்து, கருவி உணர முடியாத அளவு மங்கியிருக்கலாம். நிழலைக் கண்டுபிடித்த பிறகும் கருவம் திரவமா என்ற சந்தேகம் பத்து வருடத்துக்கு மேல் நீடித்ததற்கு இதுதான் காரணம்.

1926-இல் ஹெரால்டு ஜெஃப்ரீஸ் வேறு வழியில் வந்தார். நிலா இழுக்கும்போது கடல் மட்டுமல்ல, தரையும் மிகச் சிறிதளவு எழுந்து இறங்குகிறது. எவ்வளவு இளகிக்கொடுக்கிறது என்பதிலிருந்து மொத்தப் பூமியின் சராசரி விறைப்பைக் கணக்கிடலாம். எஸ் அலையின் வேகத்திலிருந்து கவசத்தின் விறைப்பும் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் சராசரியைவிடக் கவசம் மிகவும் விறைப்பாக இருக்கிறது. அப்படியானால் சராசரியைக் கீழே இழுப்பது கருவம். அதற்கு விறைப்பே இருக்கக் கூடாது. விறைப்பில்லாதது திரவம். நிழல் எழுப்பிய சந்தேகத்தை நிலவின் இழுப்பு தீர்த்தது.

பிறகு அதற்குள்ளே திடமான உள் கருவம் எப்படி வந்தது?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் கதை இது.

கோபன்ஹேகனில் டென்மார்க் அரசின் நில அளவை நிறுவனத்தில் நில அதிர்வுப் பிரிவைக் கவனித்துவந்தவர் இங்கே லேமான். உலகெங்கிலுமிருந்து தபாலில் வரும் பதிவுகளை வாசித்து, எந்த நிலையத்தில் எந்த நொடியில் அலை வந்தது என்பதை அட்டைகளில் எழுதிவைப்பார். அந்த அட்டைகளை ஓட்ஸ் பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார் என்று அவருடைய உறவினர் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1929 ஜூன் 17 அன்று நியூசிலாந்தின் மர்ச்சிசன் அருகே பெரும் நடுக்கம். ஐரோப்பாவிலிருந்து பார்த்தால் அது கிட்டத்தட்டப் பூமியின் மறுபக்கம். அதன் நிழல் வட்டாரம் விழுந்த இடம் பெரும்பாலும் சோவியத் நாடு. இர்குட்ஸ்க் சுமார் 111 டிகிரி, ஸ்வெர்ட்லோவ்ஸ்க் சுமார் 135 டிகிரி. இரண்டும் நிழலுக்குள். ஆனாலும் அங்கிருந்த கருவிகளில் ஓர் அலை தெரிந்தது.

இப்படி மங்கலான அலைகள் நிழலுக்குள் வருவது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். கருவத்தின் விளிம்பைச் சுற்றி வளைந்து கசிந்த அலை அது என்று சொல்லிவந்தார்கள். லேமானுக்கு அந்த விளக்கம் போதவில்லை. கசிந்து வருவது தொலைவு கூடக் கூட மங்க வேண்டும், தொடக்கம் மழுங்கலாக இருக்க வேண்டும். இந்த அலையோ சட்டென்று, கூர்மையாகத் தொடங்கியது.

அவர் ஒரு மிக எளிய பூமியைக் கற்பனை செய்துகொண்டார். கவசம் முழுக்க பி அலைக்கு ஒரே வேகம், நொடிக்கு 10 கி.மீ.; கருவம் முழுக்க ஒரே வேகம், 8 கி.மீ. இது நிஜப் பூமி இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கையால் போடும் கணக்குக்கு ஏற்றது. இந்த மாதிரியில் நிழல் கச்சிதமாக விழுந்தது, உள்ளே எந்த அலையும் வரவில்லை. பிறகு கருவத்தின் நடுவே வேகம் கூடுதலான ஒரு சிறு உருண்டையை வைத்தார். இப்போது அதன் மீது பட்டு விலகிய அலைகள் நிழலுக்குள் வந்து விழுந்தன. வந்து சேரும் நேரமும் பதிவுகளோடு ஒத்துப்போனது. உருண்டையின் ஆரம் 1,400 கி.மீ. அளவில் இருக்க வேண்டும் என்றார். இன்றைய மதிப்பு 1,220.

1936-இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பு ஓர் எழுத்தும் அதன் மேல் ஒரு கோடும் மட்டுமே: P′. கருவத்தைக் கடந்துவரும் பி அலைக்கு அன்றைய குறியீடு அது. மூன்று வருடம் கழித்து ஜெஃப்ரீஸ் கணக்குப் போட்டு, விளிம்பில் கசியும் அலை அந்த அளவு பலமாக வரவே முடியாது என்று காட்டியதும் எதிர்ப்பு அடங்கியது. லேமான் 104 வயது வரை வாழ்ந்து, 1993-இல் மறைந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே வேகம் கூடுகிறது என்பதைத்தான் லேமான் நிறுவினார். அது திடம் என்று அல்ல. அதற்கான வலுவான சான்று 1971-இல்தான் கிடைத்தது. மிகப் பெரிய நடுக்கத்துக்குப் பிறகு பூமி முழுவதும் மணியைப் போல நாள்கணக்கில் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வுகளின் கால அளவுகளை அலசிய ஆடம் ஜிவோன்ஸ்கியும் ஃப்ரீமன் கில்பர்ட்டும், உள் கருவம் திடமாக இருந்தால்தான் எண்கள் பொருந்துகின்றன என்று காட்டினார்கள்.

அவ்வளவு சூட்டில் திடமாக இருப்பது எப்படி?

அங்கே 5,000 டிகிரி செல்சியஸுக்கு மேல். ஆனால் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல முப்பது லட்சம் மடங்குக்கும் அதிகம். அழுத்தம் கூடினால் இரும்பின் உருகுநிலையும் கூடும். மையத்தை நெருங்கும்போது வெப்பம் ஏறுவதைவிட உருகுநிலை வேகமாக ஏறிவிடுகிறது. அதனால் அங்கே உறைந்துவிடுகிறது.

இரும்பு என்று யார் பார்த்தது?

யாரும் பார்க்கவில்லை. பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல ஐந்தரை மடங்கு. நம் காலடிக் கருங்கல்லோ 2.7 மடங்குதான். நடுவே மிகக் கனமான ஒன்று இருந்தே ஆக வேண்டும். கனமானதும், பிரபஞ்சத்தில் ஏராளமாகக் கிடைப்பதும், விண்கற்களில் நாம் கையால் தொட்டுப் பார்த்ததும், கருவத்தின் அலைவேகத்துக்கு ஒத்துவருவதும் இரும்பு. காந்தப்புலம் உண்டாக, மின்சாரம் கடத்தும் திரவம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கும் இரும்பு பொருந்துகிறது.

முழுவதும் பொருந்துகிறதா என்றால் இல்லை. அந்த அழுத்தத்தில் தூய இரும்பு இருக்க வேண்டிய அடர்த்தியைவிட வெளிக் கருவம் சற்று லேசாக இருக்கிறது. கந்தகம், சிலிக்கான், ஆக்சிஜன், கார்பன், ஹைட்ரஜன் என்று இலகுவான தனிமம் எதுவோ கலந்திருக்கிறது. எது, எவ்வளவு என்பதை அலைவேகம் மட்டும் சொல்லாது. வெவ்வேறு கலவைகள் ஒரே வேகத்தைக் கொடுக்கக்கூடும். இந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது வரும் சிவப்பு, நீல வண்ணப் படங்களை நம்பலாமா?

ஆயிரக்கணக்கான நிலையங்களின் பதிவுகளை ஒன்றுசேர்த்து, எந்தப் பாதையில் அலை ஒன்றிரண்டு நொடி முந்துகிறது, எங்கே பிந்துகிறது என்று கணினியில் கணக்கிட்டு வரைபவை அவை. பிந்தும் இடம் சிவப்பு, முந்தும் இடம் நீலம். ஆப்பிரிக்காவுக்கும் பசிபிக்குக்கும் அடியில், கவசத்தின் அடித்தளத்தில் கண்டமளவு பெரிய இரண்டு சிவப்புப் பகுதிகள் இருப்பதைப் பல குழுக்களின் கணக்கும் உறுதிசெய்கின்றன. ஆனால் சிவப்பு என்பது உருகியது அல்ல. பெரும்பாலும் சில சதவீத வேக வித்தியாசம்தான். வண்ணம் அதை மிகைப்படுத்திவிடும். மெதுவாகப் போவதற்குச் சூடு காரணமா, பாறையின் வகையே வேறா என்ற கேள்வியும் தனியாக நிற்கிறது.

தவிர, நடுக்கங்கள் பெரும்பாலும் நிலத்தட்டுகளின் விளிம்பில் நிகழ்கின்றன. கருவிகள் பெரும்பாலும் தரையில் இருக்கின்றன. தென்கோளக் கடல்களுக்கு அடியில் அலைப்பாதைகள் குறைவு. அங்கே படத்தில் இருக்கும் விளிம்புகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு கருவி இருந்தால் என்ன ஆகும்?

செவ்வாயில் அதைத்தான் செய்தார்கள். நாசாவின் இன்சைட் கலம் 2018 நவம்பரில் இறங்கி, ஒரே ஒரு நில அதிர்வுமானியைத் தரையில் வைத்தது. கருவத்தில் மோதித் திரும்பிய மங்கலான அலைகளை வைத்து, செவ்வாயின் கருவம் சுமார் 1,830 கி.மீ. ஆரம் என்று 2021-இல் அறிவித்தார்கள். அவ்வளவு பெரிதென்றால் அது எதிர்பாராத அளவு லேசானதாக இருக்க வேண்டும். அதற்கு விளக்கம் தேடித் திணறினார்கள். 2023-இல் இரண்டு குழுக்கள் வேறு முடிவுக்கு வந்தன: அலை மோதித் திரும்பியது கருவத்தின் மீதல்ல, அதைப் போர்த்தியிருக்கும் உருகிய பாறை அடுக்கின் மீது. கருவம் அதற்குக் கீழே, ஏறக்குறைய 150 கி.மீ. சிறியதாக இருக்கிறது. சூரியத் தகடுகளில் தூசு படிந்து, 2022 டிசம்பரிலேயே கலம் செயலிழந்துவிட்டிருந்தது. கையிலிருந்த பழைய பதிவுகளை மறுபடி வாசித்துத்தான் திருத்தினார்கள்.